ரசீது நேரமும் நிறுத்திய நேரமும்: ஒரு வாகன நிறுத்துமிடத்தின் மணிவாரி அறிக்கை தவறிய விதமும் திருத்திய விதமும்

## பின்னணி

தமிழகத்தின் ஒரு மாவட்டத் தலைநகரில், பேருந்து நிலையத்துக்கும் கடைவீதிக்கும் நடுவே உள்ள கட்டண நிறுத்துமிடம் இது. இடம் நகராட்சிக்குச் சொந்தம், நடத்துவது குத்தகைதாரர். திறந்தவெளியில் 40 கார்களுக்குக் கோடு போட்டிருக்கிறது. தகரக் கூரையின் கீழ் 240 டூவீலர்கள் நிற்கலாம். உள்ளே வர ஒரு வாசல், வெளியே போக ஒரு வாசல். இரண்டிலும் சீட்டு அடிக்கும் கை மெஷின் ஒவ்வொன்று உண்டு. உள்வாசலில் வண்டியின் வகையையும் பதிவெண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையும் தட்டினால் பார்கோடு போட்ட சீட்டு வரும். வெளிவாசலில் அதை ஸ்கேன் செய்ததும் கட்டணம் கணக்காகி ரசீது அச்சாகும். பணம் வாங்குவது வெளிவாசலில் மட்டும்தான்.

காருக்கு 4 மணி நேரம் வரை ₹30, 12 மணி நேரம் வரை ₹50, 24 மணி நேரம் வரை ₹80. டூவீலருக்கு 12 மணி நேரம் வரை ₹15, 24 மணி நேரத்துக்கு ₹20. மாதப் பாஸ் வைத்திருப்பவர்கள் 9 கார்காரர்கள், 46 டூவீலர்காரர்கள். கார்களில் பெரும்பகுதி துணிக்கடைக்கும் பக்கத்து மருத்துவமனைகளுக்கும் வருபவை. டூவீலர்களில் பெரும்பகுதி, காலையில் வண்டியை விட்டுவிட்டு பஸ் ஏறி வெளியூர் வேலைக்குப் போகிறவர்களுடையவை.

அலுவலகக் கணக்கர் மாதந்தோறும் ஓர் அறிக்கை தயாரித்துவந்தார். மெஷினிலிருந்து ரசீதுப் பட்டியலை எக்செலுக்கு இறக்கி, மணிவாரியாகவும் வண்டி வகைவாரியாகவும் எத்தனை ரசீது, எவ்வளவு வசூல் என்று பிவட் அட்டவணை போட்டுவிடுவார். அதற்கு 'மணிவாரி வாகன எண்ணிக்கை மற்றும் வசூல்' என்று தலைப்பு. எத்தனை பேரை எந்த ஷிஃப்ட்டில் போடுவது, எந்தப் பகுதியை எதற்கு ஒதுக்குவது என்பதெல்லாம் அந்தத் தாளை வைத்தே முடிவாகிவந்தது.

## பிரச்சினை தெரியவந்தது

மே மாத அறிக்கையில் கார்களுக்குக் காலை 9 முதல் 11 வரை ரசீதும் வசூலும் மிகக் குறைவாகவும், மாலை 6 முதல் 8 வரை மிக அதிகமாகவும் இருந்தன. காலையில் வேலை இல்லை என்று முடிவு செய்த குத்தகைதாரர், உள்வாசலில் காலையில் நின்ற இருவரில் ஒருவரை மாலைக்கு மாற்றினார். ஜூன் முதல் வாரத்திலேயே காலை பத்து மணிவாக்கில் வாசலில் கார்கள் வரிசைகட்டின. சாலை அடைபட்டு, போக்குவரத்துக் காவலர் இரண்டு முறை வந்து பேசிவிட்டுப் போனார்.

உள்வாசலில் பல ஆண்டுகளாக நிற்கும் ஊழியர் கணக்கரிடம் சொன்னது இது: "தம்பி, பத்தேகாலுக்கு 'இடமில்லை' போர்டைத் தூக்கி வெச்சா பன்னெண்டரைக்குத்தான் எடுக்குறேன். உங்க தாள்ல அந்த நேரம் காலியா இருக்குன்னு எப்படி வருது?"

பதில் அறிக்கையின் அமைப்பிலேயே இருந்தது. ரசீது அச்சாவது வண்டி வெளியேறும்போது. ஆகவே அதில் இருந்த 'மணி' வெளியேறிய மணி, 'எண்ணிக்கை' வெளியேறிய வண்டிகளின் எண்ணிக்கை. ஒன்பது மணிக்கு உள்ளே வந்து ஒரு மணிக்குக் கிளம்பும் கார், இடத்தை அடைத்துக்கொண்டு நின்ற நான்கு மணி நேரமும் அறிக்கையில் தலைகாட்டாது. இடத்தைக் காலிசெய்யும் நிமிடத்தில்தான் தோன்றும். நிறுத்துமிடம் நிரம்பி வழியும்போது வெளியேறுகிறவர்கள் குறைவு என்பதால், நெரிசல் உச்சத்தில் இருக்கும் நேரமே தாளில் காலியாகத் தெரிந்தது.

கல்லாவைச் சரிபார்க்க அந்த அறிக்கை போதும். இடம் எவ்வளவு நிரம்பியிருந்தது என்ற கேள்விக்கு அதில் விடை கிடையாது. ஒரு வேலைக்குப் போட்ட கணக்கை இன்னொரு வேலைக்குப் பயன்படுத்தியதுதான் இங்கே நடந்த தவறு.

## புதிய கணக்கு: வண்டி-நிமிடம்

ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு மணி நேரத்துக்குள்ளும் எத்தனை நிமிடம் நின்றது என்று பிரித்து எழுதுவது என முடிவானது. ஒரு மணி நேரத்துக்கான நிமிடங்களைக் கூட்டி 60-ஆல் வகுத்தால், அந்த நேரத்தில் சராசரியாக நின்ற வண்டிகளின் எண்ணிக்கை வரும். அதை இடங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் நிரம்பல் சதவீதம்.

எக்செலில் B பத்தியில் உள்ளே வந்த தேதியும் நேரமும், C பத்தியில் வெளியே போன தேதியும் நேரமும் இருந்தன. முதல் வரிசையில் H பத்தியிலிருந்து வலப்பக்கமாக, ஒவ்வொரு மணியின் தொடக்கத்தையும் தேதியோடு சேர்த்து எழுதினார்கள். பின்னர் H2-வில் இந்தச் சூத்திரம்:

```
=MAX(0, MIN($C2, H$1+TIME(1,0,0)) - MAX($B2, H$1))*1440
```

வெளியேறிய நேரம், மணியின் முடிவு ஆகிய இரண்டில் முந்தியதிலிருந்து, உள்ளே வந்த நேரம், மணியின் தொடக்கம் ஆகிய இரண்டில் பிந்தியதைக் கழிக்கிறது இது. அந்த மணிக்குள் வண்டி நிற்கவே இல்லையென்றால் கழித்தல் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். அதைப் பூஜ்ஜியமாக்கத்தான் வெளியே உள்ள MAX. 1440-ஆல் பெருக்குவது, நாளின் பின்னமாக வரும் விடையை நிமிடமாக்க. நேரத்தோடு தேதியும் இருப்பதால் நள்ளிரவைத் தாண்டி நிற்கும் வண்டிக்குத் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டு செய்தால் இரவு வண்டிகள் அத்தனையும் கணக்கிலிருந்து விழுந்துவிடும்.

ஒரு காரை எடுத்துப் பார்க்கலாம். காலை 8.50-க்கு வந்து பிற்பகல் 1.20-க்குப் போகிறது. மொத்தம் 270 நிமிடம், கட்டணம் ₹50. எட்டு மணிக்குரிய கட்டத்தில் 10 நிமிடம், ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு ஆகிய கட்டங்களில் 60 நிமிடம் வீதம், ஒரு மணிக் கட்டத்தில் 20 நிமிடம். கூட்டினால் 270. பழைய அறிக்கையில் இந்தக் கார் பிற்பகல் 1–2 மணியில் 'ஒரு வண்டி, ₹50' என்று மட்டும் இருந்திருக்கும்.

பணத்தையும் இதே நிமிடங்களின் விகிதத்தில் பிரித்தார்கள். எட்டு மணிக்கு ₹1.85, நான்கு முழு மணிகளுக்கும் ₹11.11 வீதம், ஒரு மணிக்கு ₹3.70. கூட்டினால் ₹49.99 வருகிறது. விடுபட்ட ஒரு பைசாவைக் கடைசி மணியில் சேர்க்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். அற்பமாகத் தோன்றினாலும் இந்த விதி தேவை. ஒவ்வொரு ரசீதின் பிரித்த தொகையும் ரசீதுத் தொகையோடு பைசா பிசகாமல் பொருந்தினால்தான், எங்காவது வித்தியாசம் வரும்போது அது பிழை என்று துணிந்து சொல்ல முடியும்.

இப்படிப் பிரித்த தொகைக்கு 'ஈட்டிய வசூல்' என்றும், ரசீது நேரப்படி உள்ளதற்குக் 'கல்லா வசூல்' என்றும் பெயர் வைத்தார்கள். இரண்டும் அறிக்கையில் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளில் இருக்கும். ஷிஃப்ட் கணக்கை ஒப்பிடக் கல்லா வசூல். இடம் எந்த நேரத்தில் எவ்வளவு சம்பாதிக்கிறது என்று பார்க்க ஈட்டிய வசூல். ஒரே நாளுக்கு இவை இரண்டும் சமமாக இருக்க வேண்டியதில்லை. இரவு நின்று மறுநாள் காலை போகும் வண்டியின் பணம் கல்லாவில் மறுநாளுக்கும், ஈட்டியதில் இரண்டு நாள்களுக்குமாக விழும். யூபிஐ மூலம் வந்த தொகைக்கும் ரசீது நேரத்தையே எடுத்தார்கள். வங்கியில் வரவான நேரத்தை எடுத்தால் மணிவாரி கணக்கே குலைந்துவிடும்.

## முதல் ஓட்டத்தில் தெரிந்த கோளாறுகள்

இந்த முறையை ஜூன் மாதத் தரவின் மேல் ஓட்டிப் பார்த்தபோது, நம்ப முடியாத எண்கள் வந்தன. நாற்பது கார்களே நிற்கக்கூடிய இடத்தில் மாதக் கடைசியில் ஒரு நண்பகலுக்கு 67 கார்கள் நின்றதாகக் காட்டியது. இந்த வகைப் பிழையைத் தேட நல்ல நேரம் அதிகாலை மூன்று மணி. அப்போது வண்டிப் போக்குவரத்து இல்லை, உண்மையான எண்ணிக்கை காவலாளிக்குத் தெரியும். ஜூன் 1-ஆம் தேதி அதிகாலை 3 மணிக்குக் கணக்கில் 4 கார்கள். அது நாளுக்கு நாள் ஏறி, 30-ஆம் தேதி 35 ஆகியிருந்தது. காவலாளியோ மாதம் முழுக்க மூன்றுக்குக் குறையாமலும் ஆறுக்கு மேற்படாமலும்தான் பார்த்திருந்தார்.

காரணம் தொலைந்த சீட்டு. சீட்டைத் தொலைத்தவர் வந்தால் வெளிவாசலில் 'சீட்டு இல்லை' என்ற பொத்தானை அழுத்திப் புதிதாக ஒரு ரசீது போடுவார்கள். பணம் கல்லாவுக்கு வந்துவிடும். ஆனால் உள்வாசலில் போட்ட பழைய சீட்டு மூடப்படாமல் அப்படியே திறந்து கிடக்கும். கார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் கணக்கில் உள்ளேயே நிற்கும். ஜூனில் இப்படி 31 கார் சீட்டுகள் கிடந்தன. பதிவெண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும் தேதியையும் வைத்து அவற்றில் 24-ஐ 'சீட்டு இல்லை' ரசீதுகளோடு பொருத்த முடிந்தது. மீதி ஏழின் நேரத்தை ஊகித்து நிரப்பாமல், நிரம்பல் கணக்கிலிருந்து விலக்கி, அறிக்கையின் அடியில் தனியாகக் குறித்தார்கள். சராசரி நேரத்தைப் போட்டு நிரப்பலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. அப்படிச் செய்தால் கோளாறு மறைந்துபோகுமே தவிர தீராது என்பதால் கைவிடப்பட்டது. அது சரியான முடிவு.

இரண்டாவது கோளாறு கடிகாரத்தில். மூன்று ரசீதுகளில் வண்டி உள்ளே வருவதற்கு முன்பே வெளியே போயிருந்தது. அதாவது நின்ற நேரம் எதிர்மறை நிமிடங்களாக வந்தது. மூன்றும் பயணியை இறக்கிவிட்டு உடனே திரும்பிய கார்கள். இரண்டு மெஷின்களையும் பக்கத்தில் வைத்து, நடுவே ஒரு செல்பேசியின் கடிகாரத்தையும் வைத்துப் படம் எடுத்தபோது, வெளிவாசல் மெஷின் 14 நிமிடம் பின்தங்கியிருந்தது தெரிந்தது. எதிர்மறை ரசீதுகள் ஜூன் 9-க்குப் பிறகுதான் வருகின்றன. அதற்கு முந்தைய நாள் அந்த மெஷின் சார்ஜ் முற்றிலும் இறங்கி அணைந்து, மறுபடி போட்டபோது நேரத்தைக் கையால் வைத்திருக்கிறார்கள். எனவே 9-ஆம் தேதியிலிருந்து வெளியேறிய நேரங்களில் மட்டும் 14 நிமிடத்தைக் கூட்டினார்கள்.

இதனால் கெட்டது அறிக்கை மட்டுமல்ல. வெளிவாசல் கடிகாரம் பின்தங்கினால் எல்லா வண்டியும் குறைந்த நேரம் நின்றதாகவே பதிவாகும். நான்கு மணி நேரத்தைச் சற்றே தாண்டிய கார்களுக்கு ₹50-க்குப் பதில் ₹30 ரசீது போனது. அந்த 22 நாள்களில் அப்படி 38 ரசீதுகள், ரசீதுக்கு ₹20 வீதம் ₹760 குறைந்திருந்தது. கடிகாரம் முந்தியிருந்தால் இதே தொகை வாடிக்கையாளர்களின் பையிலிருந்து போயிருக்கும், வாசலில் சண்டையும் வந்திருக்கும்.

மூன்றாவது, பாஸ் வண்டிகள். அவர்களிடம் பணம் வாங்க வேண்டியதில்லை என்பதால் வாசலில் ஸ்கேன் செய்யாமலே விட்டுவந்தார்கள். அவை நின்ற இடம் முழுவதும் எந்தக் கணக்கிலும் இல்லை. பாஸில் பார்கோடு ஒட்டி, உள்ளேயும் வெளியேயும் பூஜ்ஜிய ரூபாய் ரசீதாகப் பதிய ஏற்பாடானது. நின்ற நிமிடங்கள் நிரம்பல் கணக்கில் சேரும். பாஸ் பணம் மணிவாரியில் கலக்காமல் மாதத்துக்கு ஒரே வரியாக நிற்கும். முதலில் அதையும் மணிகளுக்குப் பங்கிட முயன்றார்கள். ஒருவர் லீவில் போன நாள் பணத்தை எந்த மணியில் வைப்பது என்ற கேள்விக்கு விடை கிடைக்காததால் விட்டுவிட்டார்கள்.

வண்டி வகை தவறாகத் தட்டப்பட்டவையும் சில இருந்தன. உள்ளே டூவீலர் என்றும் வெளியே கார் என்றும் இருந்தால், வெளிவாசல் பதிவையே எடுத்தார்கள். வண்டியைப் பார்த்துப் பணம் வாங்குகிறவர் அங்கே இருப்பவர்தான்.

இவ்வளவு ஓட்டை உள்ள ஜூன் தரவை வைத்து எந்த முடிவும் எடுப்பதில்லை என்று தீர்மானித்து, ஜூலை முழுவதும் புதிதாகப் பதிந்தார்கள். இரவு 2 மணிக்குக் காவலாளி உள்ளே நிற்கும் ஒவ்வொரு வண்டியின் கடைசி நான்கு இலக்கத்தையும் நோட்டில் எழுதுவார். காலையில் கணக்கர் அதைத் திறந்திருக்கும் சீட்டுகளோடு ஒப்பிட்டு, இல்லாத வண்டியின் சீட்டை மூடிவிடுவார். ஷிஃப்ட் மாறும்போது இரண்டு மெஷின்களின் நேரமும் செல்பேசியோடு ஒப்பிடப்பட்டது.

## ஜூலையில் கண்டது

வழக்கமான ஒரு செவ்வாய்க்கிழமையின் கார் கணக்கிலிருந்து நான்கு மணிகள்:

| நேரம் | ரசீதுகள் | கல்லா வசூல் | சராசரி கார்கள் | நிரம்பல் | ஈட்டிய வசூல் |
|---|---|---|---|---|---|
| காலை 9–10 | 5 | ₹250 | 31.4 | 79% | ₹268 |
| காலை 10–11 | 7 | ₹230 | 38.3 | 96% | ₹342 |
| பிற்பகல் 1–2 | 14 | ₹520 | 33.9 | 85% | ₹318 |
| மாலை 6–7 | 21 | ₹890 | 22.6 | 57% | ₹214 |

பழைய அறிக்கையின் முதல் மூன்று பத்திகளோடு நின்றுவிட்டால், மாலை 6–7 காலை 10–11-ஐ விட ஏறத்தாழ நான்கு மடங்கு சம்பாதிக்கும் நேரம். உண்மையில் அந்த மாலை மணியில் கிட்டத்தட்ட பாதி இடம் காலி. வந்த ₹890-இல் பெரும்பகுதி பகலில் நின்றதற்கான பணம்.

பத்து மணி வரிசையில் 96% என்றிருப்பதைப் பார்த்து இன்னும் ஒன்றிரண்டு இடம் இருந்தது என்று எண்ணக்கூடாது. சராசரி எப்போதும் உச்சத்தை மட்டுப்படுத்திக் காட்டும். அதனால் உச்ச எண்ணிக்கையையும் தனியாக எடுத்தார்கள். எல்லா வரவையும் +1, எல்லாப் போக்கையும் −1 என நேர வரிசையில் அடுக்கி, ஓடும் கூட்டலைப் போட்டால் எந்த நிமிடத்தில் எத்தனை வண்டி என்று வந்துவிடும். அந்தச் செவ்வாய்க்கிழமை 10.20-லிருந்து 10.50 வரை 40 இடமும் நிரம்பியிருந்தது.

இடம் நிரம்பிய பிறகு இந்தக் கணக்கால் சொல்ல முடியாத ஒன்றும் இருக்கிறது. உள்ளே வராத வண்டிக்குச் சீட்டு இல்லை. நாற்பது கார் நின்றது என்பது தெரியும், நாற்பத்தைந்து பேருக்கு இடம் தேவைப்பட்டதா அறுபது பேருக்கா என்பது தெரியாது. அதற்காக ஆறு வேலைநாள்கள் வாசலில் திருப்பி அனுப்பிய கார்களை அரைமணிக்கு ஒருமுறை கையால் குறித்தார்கள். நாளுக்குச் சராசரி 22. எல்லாம் காலை 9.30-க்கும் 12.30-க்கும் இடையே.

டூவீலர் கூரையின் கதை வேறு. அங்கே அதிகம் நிரம்பும் நேரம் காலை 11–12. அப்போதும் சராசரி 171 வண்டிகள், அதாவது 71%. ஜூலை முழுவதும் எந்த ஒரு நிமிடத்திலும் 183-க்கு மேல் போகவில்லை. இரவில் 28 வாக்கில் நின்றன.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் ஆள். மாலைக்கு மாற்றியவரைக் காலை 9 முதல் 1 வரை மறுபடி உள்வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். மாலையில் கூட்டம் வெளிவாசலில்தான், உள்ளே வருவது குறைவு. அதனால் மாலையில் உள்வாசல் ஆளே வெளிவாசலில் சீட்டு வாங்கி ஸ்கேன் செய்து கொடுத்தால் போதுமானதாக இருந்தது.

அடுத்தது இடம். டூவீலர் கூரையின் ஓர் ஓரம் கார்கள் போகும் பாதையை ஒட்டியிருந்தது. அங்கே ஒன்றுக்கொன்று எதிராக இரண்டு வரிசை, வரிசைக்கு 25 வண்டிகள். வண்டிக்கு 60 செ.மீ. அகலம் வீதம் நெருக்கி நிறுத்தியதால் நீளம் 15 மீட்டர். ஒவ்வொரு வரிசையும் 2 மீட்டர் ஆழம், நடுவே 1 மீட்டர் நடைவழி, ஆக 5 மீட்டர். இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் உள்ள கார் கட்டம் இந்த 15-க்கு 5 மீட்டரில் சரியாக ஆறு அமையும். பக்கத்தில் ஏற்கெனவே கார் பாதை இருந்ததால் இது முடிந்தது. கூரையின் நடுவிலிருந்து இதே அளவு இடத்தை எடுத்திருந்தால், கார் திரும்புவதற்கான பாதைக்கே இன்னொரு வரிசை போயிருக்கும். பரப்பளவை வகுத்து மட்டும் இந்த மாற்றத்தைத் திட்டமிட முடியாது.

டூவீலர் இடம் 240-லிருந்து 190 ஆகும். ஜூலையின் உச்சம் 183 என்பதால் டூவீலர் வருமானத்தில் ஒரு ரூபாயும் குறையாது என்பது அவர்கள் போட்ட கணக்கு.

காலை நேரத்துக்குக் கார் கட்டணத்தை உயர்த்தலாம் என்ற யோசனையும் பேசப்பட்டது. கட்டணம் நகராட்சி ஒப்பந்தத்தில் உள்ளது, குத்தகைதாரர் தானாக மாற்ற முடியாது. அதோடு மருத்துவமனைக்கு வருகிறவர்கள் நேரத்தைத் தேர்ந்தெடுத்து வருவதில்லை. அந்த யோசனை அதோடு நின்றது.

## பின்னர் நடந்தது

ஆகஸ்ட் முதல் வாரத்தில் கோடு மாற்றி வரைந்தார்கள். அடுத்த நான்கு வாரங்களில் வேலைநாள் கார் ரசீதுகள் சராசரி 112-லிருந்து 125 ஆயின. நாள் கார் வசூல் ₹4,310-லிருந்து ₹4,790. கூடிய ₹480-இல் 18% ஜிஎஸ்டி அடக்கம். அதைக் கழித்தால் கைக்கு வருவது ₹407. மறுபடி ஆறு நாள் கையால் எண்ணியபோது திருப்பி அனுப்பியவை நாளுக்கு 9 கார்கள். காலை 10–11-இல் 46 இடங்களில் சராசரி 42.1 கார்கள், 92%.

வசூல் உயர்வு முழுவதையும் புதிய ஆறு கட்டங்களின் பெயரில் எழுதுவது சரியாகாது. ஆகஸ்ட் நடுவில் ஆவணி பிறந்து முகூர்த்தங்கள் தொடங்கிவிட்டன, கடைவீதிக்குக் கூட்டம் வந்தது. அதே வாரங்களில் டூவீலர் ரசீதுகளும் 4% கூடியிருந்தன. அங்கே இடம் கூட்டவில்லை, குறைக்கத்தான் செய்தார்கள். எனவே கூடிய 13 கார்களில் நான்கைந்து பொதுவான கூட்டத்தால் வந்தவை என்று வைத்துக்கொள்வதே நியாயம். திருப்பி அனுப்பிய எண்ணிக்கை 22-லிருந்து 9 ஆனதுதான் இங்கே நம்பத்தக்க அளவுகோல். சீசன் கூட்டத்தால் அந்த எண் ஏறத்தான் செய்யும், இறங்காது.

கணக்கு தவறிப்போனது தீபாவளிக்கு. தீபாவளிக்கு முந்தைய நாள்களில் ஊருக்குப் போகிறவர்கள் டூவீலரை இங்கே விட்டுவிட்டு பஸ் ஏறினார்கள். வண்டிகள் மூன்று நான்கு நாள் அசையாமல் நின்றன. இரவு எண்ணிக்கை 28-லிருந்து நூறைத் தாண்டியது, அதன் மேல் பகல் கூட்டமும் வந்து ஏறியது. தீபாவளிக்கு முந்தைய நாள் 226 டூவீலர்களுக்கு இடம் தேவைப்பட்டது, இருந்தது 190. மீதி 36 வண்டிகளைக் கார் பாதையோரம் நிறுத்தி, மாலையில் புதிய ஆறு கட்டங்களையும் கயிறு கட்டி டூவீலருக்கே திருப்பிக் கொடுத்தார்கள். கார் பாதை ஒருவழியாகக் குறுகி, இரண்டு மணி நேரம் கார்கள் வெளியேறத் திணறின.

## மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

ஒரு மாதத்தின் உச்சத்தை ஆண்டின் உச்சமாக எடுத்துக்கொண்டது பிழை. முந்தைய ஆண்டின் ரசீதுகள் மெஷினிலேயே இருந்தன. அவற்றில் கடிகாரமும் பாஸும் சரியில்லை என்று முழுவதையும் ஒதுக்கிவைத்தார்கள். ஆனால் மூன்று நாள் நின்ற வண்டியை அடையாளம் காண 14 நிமிடப் பிழை ஒரு தடையே இல்லை. 24 மணி நேரத்துக்கு மேல் நின்ற டூவீலர்களை மட்டும் தேதிவாரியாக எண்ணியிருந்தால், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தைய வாரங்கள் அப்போதே தெரிந்திருக்கும்.

அறிக்கையில் நின்ற காலத்தைப் பிரித்துக் காட்டும் வரியும் இல்லை. 190 டூவீலர் நிற்கிறது என்ற எண் ஒன்றேதான். ஆனால் அவற்றில் 160 மாலையில் கிளம்பிவிடுமா, அல்லது 80 மட்டும்தானா என்பதில்தான் மறுநாள் காலை இருக்கிறது. இப்போது அறிக்கையில் இரவு 2 மணி வரிசைக்குக் கீழே, உள்ளே நிற்பவற்றில் ஒரு நாளுக்கு மேல் ஆனவை எத்தனை, மூன்று நாளுக்கு மேல் ஆனவை எத்தனை என்று இரண்டு வரிகள் சேர்ந்திருக்கின்றன. காவலாளியின் நோட்டிலிருந்தே அவை வருகின்றன. முதல் வரி 60-ஐத் தாண்டினால் மறுநாள் காலையே கயிறு கட்டுவது என்று வைத்திருக்கிறார்கள். 60 என்பது அனுபவத்தில் வைத்த எண். பொங்கல் வாரம் கழித்துத் திருத்துவதாக ஏற்பாடு.

அந்த ஆறு கட்டங்களில் இப்போது வெள்ளையில் கார் கோடும், மஞ்சளில் 60 செ.மீ. டூவீலர் கோடுகளும் சேர்த்தே வரைந்திருக்கிறது. கயிறு மாட்டும் கொக்கிகள் இருபுறத் தூண்களிலும் அடித்தாயிற்று. மெஷினில் அந்த நாள்களுக்கு இட எண்ணிக்கையை 46/190-லிருந்து 40/240-க்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் நிரம்பல் சதவீதம் தவறான எண்ணால் வகுபட்டுவிடும். கயிற்றை மாட்டுபவர் மாட்டிய நேரத்தையும் எடுத்த நேரத்தையும் அதே நோட்டில் எழுதுகிறார்.